ஓடாத கிரஷருக்கு எவ்வளவு தேய்மானம்?

மார்ச் முடிந்து வருடக் கணக்கு எழுதும் காலத்தில் கல்குவாரி நடத்துகிறவர்கள் ஆடிட்டரிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், வருஷம் பூரா மிஷின் நின்னுபோச்சு. ஒரு லட்சம் டன்கூட உடைக்கல. போன வருஷம் ரெண்டு ஷிப்டு ஓட்டினப்ப எழுதின அதே நாற்பது லட்சத்தை இந்த வருஷமும் தேய்மானம்னு எழுதியிருக்கீங்களே, எது சார் தேய்ஞ்சுது?"

கேட்பவர் கணக்குப் படித்தவராக இருக்க மாட்டார். ஆனாலும் கணக்கியலின் அடிப்படையான ஓர் இடத்தில்தான் கை வைக்கிறார். தேய்மானம் என்பது, பல வருடம் உழைக்கப்போகும் இயந்திரத்துக்கு ஒரே நாளில் கொடுத்த விலையை, அது உழைக்கும் வருடங்களுக்குப் பிரித்து எழுதுவது. எப்படிப் பிரிப்பது என்பதில்தான் முறைகள் வேறுபடுகின்றன. வருடத்துக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்தால் அது நேர்க்கோட்டு முறை. மீதியிருக்கும் மதிப்பில் ஒரு சதவீதத்தைக் கழித்துக்கொண்டே போனால் குறைந்து செல் மதிப்பு முறை. இந்த இரண்டும் காலண்டரைப் பார்த்து நடப்பவை. மூன்றாவதாக, இயந்திரம் எவ்வளவு வேலை செய்தது என்பதை மட்டும் பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது. அதற்கு உற்பத்தி அலகு முறை என்று பெயர். கிரஷரைப் பொறுத்தவரை அந்த அலகு, உடைத்த கல்லின் டன்.

எல்லா இயந்திரத்துக்கும் இந்த முறை பொருந்தாது. அலுவலகக் கணினி ஓடினாலும் ஓடாவிட்டாலும் சில வருடங்களில் பழசாகிவிடும். கிரஷர் அப்படியில்லை. டிப்பர் கொட்டும் கருங்கல் போல்டர்கள் முதலில் ஜா கிரஷருக்குள் விழுகின்றன. அசையாத ஒரு தாடைக்கும் ஆடும் ஒரு தாடைக்கும் நடுவில் கல் நசுங்கி உடைகிறது. அந்தத் தாடையை ஆட்டுவது மையம் விலகிச் சுழலும் ஒரு தண்டு. ஒவ்வொரு கல் உடையும்போதும் எழும் அதிர்ச்சியைத் தண்டும், அதன் பேரிங்குகளும், இயந்திரத்தின் சட்டமும் வாங்கிக்கொள்கின்றன. அங்கிருந்து கல் கோன் கிரஷருக்குப் போய் இன்னும் சிறிதாகி, சல்லடையில் பிரிந்து, முக்கால் ஜல்லியாகவும் அரை ஜல்லியாகவும் டஸ்ட்டாகவும் குவிகிறது. நேரடியாகக் கல்லில் உரசும் ஜா பிளேட்டுகளும் கோன் லைனர்களும் மாங்கனீஸ் எஃகில் செய்தவை. அவை சீக்கிரமே தேய்ந்து மாற்றப்படும், அந்தச் செலவு அந்தந்த வருடச் செலவாகவே போய்விடும். பின்னால் நிற்கும் தண்டும் சட்டமும் மெதுவாகத் தேய்கின்றன. ஆனால் அவையும் கல்லால்தான் தேய்கின்றன. இயந்திரத்தின் ஆயுளைக் குறைப்பது பெரும்பாலும் அதன் வழியே போன டன்தான், கடந்துபோன மாதம் அல்ல.

அந்த டன் வருடத்துக்கு வருடம் பெரிதாக மாறுவது இந்தத் தொழிலின் இயல்பு. பக்கத்தில் நான்கு வழிச்சாலை வேலை வந்தால் இரவு பகலாக ஓடும், அது முடிந்தால் வீடு கட்டுகிறவர்களின் தேவை மட்டும் மிஞ்சும். வடகிழக்குப் பருவமழை பலமாக இருந்தால் குழியில் தண்ணீர் நின்று கல் எடுக்க முடியாது. குத்தகை புதுப்பிப்பும் சுற்றுச்சூழல் அனுமதியும் தாமதமானால் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். 2020 மார்ச் ஊரடங்கில் எல்லாம் நின்றது. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டுக் குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் புதிய வரியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோதும் நின்றது. வருடத்துக்கு ஒரே அளவு ஓடும் இயந்திரமாக இருந்தால் எந்த முறையில் எழுதினாலும் பெரிய வித்தியாசம் வராது. இவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கும் இடத்தில்தான் முறை முக்கியமாகிறது.

கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு கிரஷரைக் கற்பனை செய்துகொள்வோம். ஆலை முழுவதற்கும் ஆன செலவு 5 கோடியே 50 லட்சம் ரூபாய். இதில் ஜா கிரஷர், கோன் கிரஷர், சல்லடை ஆகியவற்றின் பங்கு 4 கோடியே 20 லட்சம். இயந்திரங்களின் விலை 3 கோடியே 62 லட்சம், லாரி வாடகையும் கிரேன் வாடகையும் 13 லட்சம், கான்கிரீட் அஸ்திவாரம் 35 லட்சம், பொருத்தி ஓட்டிப் பார்த்த செலவு 10 லட்சம். இயந்திரம் வேலைக்குத் தயாராகும்வரை ஆன செலவெல்லாம் அதன் விலையோடு சேரும். ஜிஎஸ்டி மட்டும் சேராது. அதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும்போது தேய்மானத்திலும் எடுக்க முடியாது. மீதி 1 கோடியே 30 லட்சம் கன்வேயர், மின் பேனல், கொட்டகை, எடைமேடை போன்றவற்றுக்கு. அவற்றைத் தனியாக வைத்துக்கொள்வோம்.

கடைசியில் இந்த இயந்திரங்களை இரும்பு விலைக்குப் போட்டால் 20 லட்சம் கிடைக்கும் என்று கணித்திருக்கிறோம். ஆகவே தேய்ந்து தீரவேண்டிய தொகை 4 கோடி.

அடுத்தது, இந்த இயந்திரம் தன் ஆயுளில் எத்தனை டன் உடைக்கும் என்ற கேள்வி. இந்த முறையில் மிகவும் கடினமான, அதே சமயம் பலர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடும் வேலை இதுதான். இயந்திரத்தின் மேல் இருக்கும் தகட்டில் மணிக்கு 250 டன் என்று போட்டிருக்கும். அதை அப்படியே எடுத்துப் பெருக்கினால் கணக்கு ஆரம்பத்திலேயே கெட்டுவிடும். போல்டர் வாயில் மாட்டிக்கொண்டு பிரேக்கர் வந்து உடைக்கும்வரை காத்திருக்கும் நேரம், டிப்பர் வரத் தாமதமாகும் நேரம், கரண்ட் போகும் நேரம், லைனர் மாற்றும் நேரம் எல்லாம் கழிய வேண்டும். இதே போன்ற கல்லை உடைக்கும் பக்கத்துக் கிரஷர்களின் பழைய பதிவேடுகளைப் பார்த்து, ஓடும் மணிக்குச் சராசரி 200 டன் என்று நம் பொறியாளர் சொல்கிறார். ஒரு ஷிப்டில் 8 மணி நேரம், வருடத்துக்கு 250 நாள் என்றால் 4 லட்சம் டன். பத்து வருடத்து வேலை தாங்கும் என்றால் 40 லட்சம் டன்.

4 கோடியை 40 லட்சத்தால் வகுத்தால் டன்னுக்கு 10 ரூபாய். இதுதான் விகிதம். இதற்குப் பிறகு வருடக் கடைசியில் செய்ய வேண்டியது உடைத்த டன்னைப் பத்தால் பெருக்குவது மட்டுமே.

முதல் வருடம் 3 லட்சத்து 20 ஆயிரம் டன் உடைத்தது. தேய்மானம் 32 லட்சம். இரண்டாம் வருடம் சாலை வேலை வந்தது, வருடம் முழுக்க இரண்டு ஷிப்டு, 6 லட்சத்து 10 ஆயிரம் டன். தேய்மானம் 61 லட்சம். மூன்றாம் வருடம் குத்தகை புதுப்பிப்பு இழுத்துக்கொண்டு போனதில் 90 ஆயிரம் டன்தான். தேய்மானம் 9 லட்சம். நேர்க்கோட்டு முறையில், பத்து வருட ஆயுள் என்று வைத்தால், மூன்று வருடமும் தலா 40 லட்சம் எழுதியிருப்போம்.

தேய்மானத்தை டன் கணக்கில் திருப்பிப் பார்த்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். நேர்க்கோட்டு முறையில் இரண்டாம் வருடம் ஒவ்வொரு டன்னுக்கும் 6 ரூபாய் 56 காசு தேய்மானம், மூன்றாம் வருடம் 44 ரூபாய் 44 காசு. அதே இயந்திரம், அதே கல், அதே தாடை. ஒரு டன் கல்லை உடைக்க ஆகும் தேய்மானம் ஒரே வருடத்தில் ஏழு மடங்கு ஆகிவிட்டது என்று புத்தகம் சொல்கிறது. இந்த எண்ணை நம்பி விலை பேசும் உரிமையாளர் இரண்டு பக்கமும் தவறுவார். வேலை மண்டிக் கிடக்கும் வருடத்தில், 40 லட்சம் எப்படியும் எழுதத்தானே போகிறோம், இரண்டாவது ஷிப்டில் வரும் கல்லுக்குத் தேய்மானமே இல்லை என்று நினைத்து ஒப்பந்தக்காரருக்கு விலையைக் குறைத்துக் கொடுப்பார். உண்மையில், 4 லட்சத்துக்கு மேல் உடைத்த அந்த 2 லட்சத்து 10 ஆயிரம் டன்னும் இயந்திரத்தின் ஆயுளிலிருந்து 21 லட்ச ரூபாயை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. வேலையில்லாத வருடத்திலோ, செலவே இவ்வளவு ஆகிறதே என்று எண்ணி, கையில் காசு நிற்கக்கூடிய சிறிய ஆர்டரையும் திருப்பி அனுப்புவார்.

கூட்டாளிகள் சேர்ந்து நடத்தும் கிரஷரில் இது இன்னும் கூர்மையாகும். இரண்டாம் வருடத் தொடக்கத்தில் ஒருவர் கால் பங்குக்கு உள்ளே வந்து, அந்த வருடம் முடிந்ததும் விலகிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தேய்மானத்துக்கு முன் அந்த வருட லாபம் 1 கோடியே 60 லட்சம். நேர்க்கோட்டு முறையில் லாபம் 1 கோடியே 20 லட்சமாகி, அவர் 30 லட்சம் எடுத்துக்கொண்டு போவார். டன் கணக்கில் எழுதினால் லாபம் 99 லட்சம், அவர் பங்கு 24 லட்சத்து 75 ஆயிரம். இடையில் இருக்கும் 5 லட்சத்து 25 ஆயிரம், அவர் இருந்த வருடத்தில் அடிபட்ட இயந்திரத்தின் தேய்வு. அதை மிச்சமிருக்கும் கூட்டாளிகள் சுமப்பார்கள். விலகும் நாளில் சொத்துகளை மறுமதிப்பீடு செய்தால் இது ஓரளவு சரியாகும். புத்தக மதிப்பை வைத்தே கணக்கு முடிக்கும் இடங்களில் சரியாகாது. கூட்டாண்மைப் பத்திரம் எழுதும்போதே எந்த முறையில் தேய்மானம் என்று ஒரு வரி எழுதிக்கொள்வது நல்லது என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம்.

இனி, டன்னை எண்ணும் விஷயம். முறை முழுக்க இந்த ஒரு எண்ணின்மேல் நிற்கிறது. அதனால் அது எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

எளிதாகக் கிடைப்பது விற்பனை எண்ணிக்கை. பில் இருக்கும், எடைமேடைச் சீட்டு இருக்கும். ஆனால் விற்றது வேறு, உடைத்தது வேறு. நம் கிரஷரில் இரண்டாம் வருடம் உடைத்த 6 லட்சத்து 10 ஆயிரத்தில் விற்றது 5 லட்சத்து 90 ஆயிரம்தான். மீதி 20 ஆயிரம் டன் யார்டில் குவியலாகக் கிடந்து மூன்றாம் வருடம் போயிற்று. விற்பனையை வைத்து எழுதினால் மூன்றாம் வருடம் 9 லட்சத்துக்குப் பதில் 11 லட்சம் வரும். நின்றிருந்த இயந்திரத்தின் கணக்கில் அது செய்யாத 2 லட்ச ரூபாய் வேலை ஏறிவிடும். ஆகவே உடைத்ததைத் தெரிந்துகொள்ள, விற்றதோடு கடைசி இருப்பைக் கூட்டி, ஆரம்ப இருப்பைக் கழிக்க வேண்டும். குவியலில் நிற்கும் ஜல்லியின் மதிப்பிலும் டன்னுக்கு 10 ரூபாய் தேய்மானம் சேர்ந்தே இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

இன்னொரு சிக்கல், ஜல்லி பல இடங்களில் யூனிட் கணக்கில் விற்கப்படுவது. ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. குவிந்த ஜல்லி ஒரு கன மீட்டருக்குச் சுமார் ஒன்றரை டன் இருக்கும் என்று எடுத்தால், யூனிட்டுக்கு நாலேகால் டன் வரும். ஆனால் ஜல்லியின் அளவு மாறினால் இந்த எடை மாறும், ஈர டஸ்ட்டுக்கு வேறாகும். ஒரே பெருக்கு எண்ணை எல்லாவற்றுக்கும் போடாமல், ஒவ்வொரு ரகத்திலும் சில லோடுகளை எடைமேடையில் ஏற்றிப் பார்த்து அந்தந்த ரகத்துக்கான எண்ணை வைத்துக்கொள்ள வேண்டும். விற்காமல் ஒதுக்கித் தள்ளும் டஸ்ட்டையும் விடாமல் சேர்க்க வேண்டும். அதைக் காசு கொடுத்து யாரும் வாங்காமல் இருக்கலாம், தாடை அதையும் கடித்துத்தான் இருக்கிறது.

முதன்மை கன்வேயரில் பெல்ட் எடைமானி பொருத்தியிருந்தால் வேலை சுலபம். ஆனாலும் அது நாளாக ஆக அளவு விலகிப்போகும், இடையிடையே சரிபார்க்க வேண்டும். எங்கே பொருத்தியிருக்கிறது என்பதும் முக்கியம். சல்லடையில் தங்கும் பெரிய கல் மறுபடியும் கோனுக்குத் திரும்பிப் போகிறது. அந்தச் சுற்றுப் பாதையில் எடைமானி இருந்தால் ஒரே கல் இரண்டு முறை எண்ணப்படும்.

இந்த எண்களையெல்லாம் சோதிக்க நான் நம்புவது மின் கட்டண ரசீதை. மாதம் ஓடிய மின் யூனிட்டை அந்த மாத டன்னால் வகுத்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தால், ஒரு கிரஷருக்கு அந்த எண் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். டன்னுக்கு மூன்று யூனிட் என்று வந்துகொண்டிருந்தது ஒரு மாதம் நான்காகிவிட்டால் ஏதோ நடந்திருக்கிறது. லைனர் தேய்ந்திருக்கலாம், கல் கடினமாகியிருக்கலாம், வாய் இடைவெளியைக் குறைத்து இன்னும் சிறிய ஜல்லி எடுக்க ஆரம்பித்திருக்கலாம், டிப்பர் வராமல் இயந்திரம் வெறுமனே சுற்றியிருக்கலாம். இவை எதுவும் இல்லையென்றால், உடைத்த டன் முழுவதும் பதிவேட்டில் ஏறவில்லை என்று பொருள். ஏறாத டன்னுக்கு ராயல்டிப் பிரச்சினை தனியாக வரும் என்பது ஒருபுறம் இருக்க, தேய்மானக் கணக்கும் பொய்யாகும். இயந்திரம் புத்தகத்தில் இளமையாக இருக்கும், களத்தில் கிழடாகியிருக்கும்.

அந்த முரண்பாடு வேறொரு வழியாகவும் வரலாம். டன் சரியாகவே எண்ணப்பட்டிருந்தும், ஆயுளுக்கு 40 லட்சம் டன் என்ற முதல் கணிப்பு தப்பாக இருக்கலாம். நம் கிரஷருக்கு அதுதான் நடந்தது என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடத்தில் உடைத்தது 10 லட்சத்து 20 ஆயிரம் டன். புத்தகப்படி ஆயுளில் கால் பங்குதான் போயிருக்கிறது. மூன்றாம் வருடம் நின்றிருந்த நேரத்தில் பொறியாளர் ஜா கிரஷரைப் பிரித்துப் பார்க்கிறார். பேரிங் எதிர்பார்த்ததைவிடத் தளர்ந்திருக்கிறது, சட்டத்தில் மயிரிழை விரிசல்கள் தெரிகின்றன. குவாரியின் கீழ் அடுக்குக்குப் போகப் போக வெள்ளைக்கல் என்று குவாரிக்காரர்கள் சொல்லும் குவார்ட்ஸ் அதிகம் கலந்த பாறை வந்திருக்கிறது. குவார்ட்ஸ் எஃகை நன்றாக அரிக்கும், கல்லின் உறுதி கூடினால் சட்டம் வாங்கும் அடியும் கூடும். இனி 20 லட்சம் டன்தான் தாங்கும், 29 லட்சத்து 80 ஆயிரம் தாங்காது என்கிறார் பொறியாளர்.

இதற்காகப் பழைய வருடக் கணக்குகளைத் திறக்க வேண்டியதில்லை. முன்பு தெரிந்ததை வைத்து நேர்மையாகக் கணித்தது இப்போது மாறுகிறது, அவ்வளவுதான். மூன்று வருடத் தேய்மானம் 1 கோடியே 2 லட்சம் போக மீதி புத்தக மதிப்பு 3 கோடியே 18 லட்சம். இரும்பு விலை 20 லட்சத்தைக் கழித்தால் 2 கோடியே 98 லட்சம். அதை 20 லட்சம் டன்னால் வகுத்தால் டன்னுக்கு 14 ரூபாய் 90 காசு. நான்காம் வருடம் முதல் இந்த விகிதம். அந்த வருடம் 3 லட்சத்து 80 ஆயிரம் டன் உடைத்தால், 38 லட்சத்துக்குப் பதில் 56 லட்சத்து 62 ஆயிரம் எழுத வேண்டிவரும். இந்தத் தாவல் உரிமையாளருக்குக் கசக்கும். ஆனால் தள்ளிப்போட்டால் மீதி டன்கள் இன்னும் குறையும், விகிதம் இன்னும் ஏறும். ஒவ்வொரு வருடக் கடைசியிலும் ஆயுளையும் கடைசி மதிப்பையும் மறுபடி பார்க்க வேண்டும் என்று கணக்கியல் தரம் 10 சொல்வது இதற்காகத்தான்.

கணிப்பைக் குலைக்கும் இன்னொன்று குவாரியே. இயந்திரம் 40 லட்சம் டன் உடைக்கக் கூடியதாக இருக்கலாம். குத்தகை நிலத்தில் அனுமதிக்கப்பட்ட ஆழம்வரை இருக்கும் கல் 25 லட்சம் டன்தான் என்றால்? கணக்கில் எடுக்க வேண்டியது, இந்த நிறுவனம் இந்த இயந்திரத்திடமிருந்து உண்மையில் பெறப்போகும் டன். அடுத்த குவாரிக்கு இயந்திரத்தைக் கழற்றிக் கொண்டுபோகும் திட்டம் உறுதியாக இருந்தால் 40 லட்சத்தை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அஸ்திவாரத்துக்குப் போட்ட 35 லட்சம் கூட வராது. அதைப் பிரித்து 25 லட்சம் டன்னுக்குள் எழுதித் தீர்க்க வேண்டும். கல் தீர்ந்ததும் இயந்திரத்தை விற்றுவிடுவது திட்டமென்றால் மொத்த டன்னும் குறையும், கடைசி மதிப்பும் இரும்பு விலையாக இல்லாமல் பழைய இயந்திரத்தின் சந்தை விலையாக ஏறும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் கணக்கு ஒரு பக்கம் சாயும்.

இவ்வளவு சொன்ன பிறகு இந்த முறை எங்கே தோற்கும் என்பதையும் சொல்ல வேண்டும். இயந்திரம் நின்றால் தேய்மானம் பூஜ்யம் என்பது உலோகத்தைப் பொறுத்தவரை முழு உண்மையல்ல. மழைக்காலம் முழுவதும் பூட்டிக் கிடந்தால் துரு ஏறும், பேரிங்குக்குள் ஈரம் இறங்கும், மாதக்கணக்கில் திரும்பாத தண்டு ஒரே இடத்தில் அழுந்தி நிற்கும். கன்வேயர் பெல்ட்டின் ரப்பர் வெயிலில் வெடிக்கும். மின் பேனலுக்கு வயது போவது டன்னால் அல்ல, தூசியாலும் வெப்பத்தாலும் காலத்தாலும். முதலில் 1 கோடியே 30 லட்சத்தைத் தனியாக எடுத்து வைத்தது இதற்காகத்தான். அவற்றை வருடக் கணக்கில் எழுதுவதே சரி. ஒரே ஆலையில் உடைக்கும் இயந்திரங்களுக்கு டன், மற்றவற்றுக்கு வருடம் என்று இரண்டு முறைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். கணக்கியல் தரமும் முக்கியமான பாகங்களுக்குத் தனித்தனியே தேய்மானம் எழுதச் சொல்கிறது.

நின்றது ஏன் என்பதையும் கேட்க வேண்டும். ஆர்டர் இல்லாமல் நின்றால், மறுபடி ஓடும்போது தேய்மானம் தானாக வரும். குத்தகையே இனி கிடைக்காது என்ற நிலையில் நின்றால் அப்படி வராது. டன் இல்லை, அதனால் தேய்மானமும் இல்லை என்று வருடம் வருடமாக 3 கோடியே 18 லட்சத்தைப் புத்தகத்தில் அப்படியே வைத்திருப்பது தவறு. அந்தக் கட்டத்தில், இயந்திரத்தை ஓட்டியோ விற்றோ இனி எவ்வளவு கிடைக்கும் என்று கணித்து, புத்தக மதிப்பு அதற்கு மேலிருந்தால் மிகையான தொகையை அந்த வருடமே நஷ்டமாக எழுத வேண்டும். டன் முறையைத் தேர்ந்தவர்களுக்கு இந்தச் சோதனை மற்றவர்களைவிட அவசியம், ஏனென்றால் காலம் போவதைக் கணக்கில் காட்ட அவர்களிடம் வேறு எதுவும் இல்லை.

சட்டம் இதை அனுமதிக்கிறதா? கம்பெனியாக இருந்தால், 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையே ஒரு சொத்தின் ஆயுளை வருடத்தாலும் சொல்லலாம், அதிலிருந்து எதிர்பார்க்கும் உற்பத்தி அலகுகளாலும் சொல்லலாம் என்கிறது. கணக்கியல் தரம் 10 இந்த முறையைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. சும்மா நிற்பதால் தேய்மானம் நின்றுவிடாது என்று சொல்லும் அதே இடத்தில், பயன்பாட்டை வைத்துக் கணக்கிடும் முறையில் உற்பத்தி இல்லாதபோது அது பூஜ்யமாக இருக்கலாம் என்றும் சொல்கிறது. விற்ற ரூபாயை வைத்து மட்டும் தேய்மானம் எழுதக் கூடாது. பெரிய கம்பெனிகளுக்கான இந்த் ஏஎஸ் 16 அதை வெளிப்படையாகவே ஏற்பதில்லை. ஜல்லி விலை ஏறினால் தாடை அதிகம் தேயாது அல்லவா?

வருடக் கணக்கில் எழுதும் கம்பெனிகளுக்கும் இரண்டாம் அட்டவணை ஒரு திருத்தம் வைத்திருக்கிறது. இரண்டு ஷிப்டு ஓட்டிய காலத்துக்குத் தேய்மானம் 50 சதவீதம் கூடும், மூன்று ஷிப்டுக்கு 100 சதவீதம். நம் கிரஷரின் இரண்டாம் வருடத்துக்கு இதைப் போட்டால் 40 லட்சம் 60 லட்சமாகும், டன் கணக்கின் 61 லட்சத்துக்கு மிக அருகில் வரும். ஆனால் மூன்றாம் வருடம் இயந்திரம் நின்றதற்காக எதுவும் குறையாது, அதே 40 லட்சம்தான். அந்தத் திருத்தம் மேல்நோக்கி மட்டுமே வேலை செய்கிறது.

வருமான வரிக்கு இதெல்லாம் செல்லாது. அங்கே இயந்திரத் தொகுதிக்குக் குறைந்து செல் மதிப்பு முறையில் பொதுவாக 15 சதவீதம், வாங்கிய வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதில் பாதி. நம் 4 கோடியே 20 லட்சத்துக்கு முதல் வருடம் 63 லட்சம், நின்றிருந்த மூன்றாம் வருடம் சுமார் 45 லட்சத்து 50 ஆயிரம். சிறிய கூட்டாண்மை நிறுவனங்களில் பெரும்பாலும் இந்த வரிக் கணக்கையே புத்தகத்திலும் எழுதிவிடுகிறார்கள். வரி கட்ட அது போதும். டன்னுக்கு என்ன விலை பேசுவது, விலகும் கூட்டாளிக்கு எவ்வளவு கொடுப்பது என்பவற்றுக்கு அது உதவாது. அதனால் வரிக்கு ஒரு தேய்மானப் பட்டியல், தொழிலுக்கு டன் கணக்கில் இன்னொரு பட்டியல் என்று இரண்டு வைத்துக்கொள்ள வேண்டும். கம்பெனியாக இருந்தால் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தால் ஒத்திவைக்கப்பட்ட வரி என்ற பதிவும் வரும், அதை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.

கிரஷர் ஆபீசில் இருக்க வேண்டியது இதற்கெல்லாம் அடியில் நிற்கும் ஒரு பதிவேடு. தேதி, ஓடிய மணி, உள்ளே போன டன், ரகவாரியாக வெளியே வந்தது, மின் மீட்டர், நின்ற நேரமும் காரணமும், லைனர் மாற்றிய நாள் என்று ஏழு பத்திகள் போதும். மாதக் கடைசியில் யார்டின் குவியலை அளந்து இருப்பு எழுத ஒரு பக்கம், வருடக் கடைசியில் பொறியாளர் இயந்திரத்தைப் பார்த்து மீதி எத்தனை டன் தாங்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட இன்னொரு பக்கம். அந்தக் கையெழுத்து இல்லாமல் டன்னுக்குப் பத்து ரூபாய் என்ற எண்ணை எந்த ஆடிட்டரும் ஏற்கக் கூடாது.